பாதியில் நின்ற ஆர்டரும் திரும்பி வரும் பணமும்

“பணம் போய்விட்டது, பொருள் வராது என்கிறார்கள். பணமாவது உடனே வர வேண்டாமா?” வங்கிக் கிளைகளில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வாடிக்கையாளர் கைப்பேசியை நீட்டுகிறார். திரையில் கடையின் செய்தி இருக்கிறது: ஆர்டர் ரத்து செய்யப்பட்டது, பணம் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது. கணக்கிலோ பற்று மட்டுமே தெரிகிறது, வரவு இல்லை. கடை பொய் சொல்கிறதா, வங்கி பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறதா என்ற ஐயம் அவருக்கு எழுவது இயல்பே. பெரும்பாலான வேளைகளில் இரண்டும் இல்லை. இடையில் நடப்பது என்னவென்று தெரிந்திருந்தால், எப்போது காத்திருக்கலாம், எப்போது குரல் எழுப்ப வேண்டும் என்பதை அவரே முடிவு செய்துகொள்ள இயலும்.

இணையக் கடை என்பது வாங்குபவரின் கண்ணுக்கு ஒரே கடையாகத் தெரிந்தாலும், உள்ளே அது பல தனித்தனிச் சேவைகளின் கூட்டு. ஆர்டரைப் பதிவு செய்வது ஒன்று. கிடங்கில் எத்தனை பொருள் இருக்கிறது என்று கணக்கு வைப்பது மற்றொன்று. பணத்தை வசூலிப்பது பெரும்பாலும் வேறொரு நிறுவனம். பொருளைச் சுமந்து சென்று சேர்ப்பது இன்னொரு நிறுவனம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணினி, தனித்தனிப் பேரேடு. ஒன்றின் பேரேட்டில் மற்றொன்று எழுத முடியாது, கேட்கத்தான் முடியும்.

வங்கிக்குள் நடப்பதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். எங்கள் வங்கியில் உள்ள ஒரு கணக்கிலிருந்து எங்கள் வங்கியிலேயே உள்ள மற்றொரு கணக்குக்குத் தாங்கள் 5,000 ரூபாய் மாற்றினால், பற்றும் வரவும் ஒரே பேரேட்டில் ஒரே செயலாக நிகழ்கின்றன. இரண்டும் பதியும், அல்லது இரண்டுமே பதியாது. நடுவில் மின்சாரம் போனாலும், பற்று மட்டும் பதிந்து வரவு தொங்கிக்கொண்டு நிற்கும் நிலைக்குக் கணினி இடம் தருவதில்லை. பேரேடுகள் பலவாகப் பிரிந்திருக்கும் இடத்தில் இந்த வசதி கிடைப்பது அரிது.

எல்லாப் பேரேடுகளையும் ஒருசேரப் பூட்டி, “அனைவரும் ஆயத்தமா?” என்று கேட்டு, எல்லோரும் ஆம் என்ற பின் ஒரே நேரத்தில் எழுதச் செய்யும் முறை ஒன்று உண்டு. அதில் ஒருவர் பதில் சொல்லத் தாமதித்தால் மற்ற அனைவரும் பூட்டிய பேரேட்டோடு காத்திருக்க வேண்டும். கூரியர் நிறுவனத்தின் கணினி விழித்தெழும் வரை கிடங்கில் அந்தப் பொருளை வேறு யாருக்கும் விற்காமல், வாங்குபவரின் வங்கிக் கணக்கையும் கட்டிப்போட்டு வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. அன்றியும், தன் பேரேட்டைப் பூட்டும் உரிமையை எந்த வங்கியும் ஒரு கடைக்குத் தராது.

ஆகவே வேறொரு வழி கையாளப்படுகிறது. வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் அதற்குரிய பேரேட்டில் உடனே முடித்துவிடுவது. பின்னால் வரும் ஒரு படி தவறினால், முன்னர் முடிந்த படிகள் ஒவ்வொன்றுக்கும் எதிரான செயலைப் பின்னிருந்து முன்னாகச் செய்வது. 1987ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெக்டர் கார்சியா-மோலினா, கென்னத் சேலம் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இம்முறைக்கு ‘சாகா’ என்று பெயரிட்டது. அவர்கள் அன்று எண்ணியது ஒரே தரவுத்தளத்தில் நெடுநேரம் ஓடும் வேலைகளைப் பற்றி. இணைய வணிகம் பெருகிய பின், தனித்தனிச் சேவைகளை ஒருங்கிணைக்க அதே கருத்து கைகொடுத்தது.

வணிகவியல் படித்தவர்க்கு இது புதிதன்று. கணக்கேட்டில் பிழையான பதிவைக் காண்பவர் அதை அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு ஒன்றை எழுதுகிறார். பழைய பதிவும் இருக்கும், புதிய பதிவும் இருக்கும். இரண்டின் கூட்டுப்பலன் சுழி. ஆர்டரைப் பின்னோக்கி எடுப்பதும் அப்படித்தான். நடந்தது நடக்காததாக ஆவதில்லை. அதற்கு எதிரான இன்னொன்று புதிதாக நடக்கிறது. அந்தப் புதிய செயலுக்கு அதற்கே உரிய காலமும், தாமதமும், தவறும் வாய்ப்பும் உண்டு. வாடிக்கையாளரின் மனக்குறை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்ப்போம். ஆட்களும் தொகைகளும் கற்பனை. போக்கு நடைமுறையில் உள்ளது. போபாலில் வசிக்கும் ஒருவர், அசாமின் சில்சரில் இருக்கும் மகளுக்குத் தையல் இயந்திரம் ஒன்றை அனுப்ப விரும்புகிறார். விலை 8,640 ரூபாய். பொருள் இருப்பது மும்பைக்கு அருகே பிவண்டியில் உள்ள கிடங்கில். அவர் கணக்கில் 11,300 ரூபாய் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை 10.04 மணிக்கு அவர் ஆர்டரை உறுதி செய்கிறார். முதற்படியாக, ஆர்டர் சேவை ஓர் எண்ணைத் தந்து, ‘நிலுவையில்’ என்ற நிலையில் அதைப் பதிகிறது. இரண்டாவதாக, சில்சரின் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குப் பொருள் போகுமா என்று கூரியர்களின் பட்டியல் பார்க்கப்படுகிறது. முந்தைய இரவு பெறப்பட்ட அப்பட்டியலில் போகும் என்றே இருக்கிறது. மூன்றாவதாக, கிடங்கில் இருக்கும் மூன்று இயந்திரங்களில் ஒன்று அவர் பெயரில் 15 நிமிடங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. நான்காவதாக, 10.06 மணிக்கு அவர் யுபிஐ வழியே பணம் செலுத்துகிறார். ஐந்தாவதாக, தற்காலிக ஒதுக்கீடு உறுதியான விற்பனையாக மாறுகிறது. ஆறாவது படி, கூரியரிடம் பயணத்தைப் பதிவு செய்வது.

இந்த ஆறாவது படி தவறுகிறது. பராக் பள்ளத்தாக்கில் வெள்ளம். சாலை அடைபட்டதால் சில்சருக்கான சரக்கை அன்று காலை முதல் ஏற்பதில்லை என்று கூரியர் சேவை பதில் தருகிறது. நேற்றிரவுப் பட்டியலுக்கு அது தெரியாது.

உடனே பின்வாங்க வேண்டியதில்லை. படிகளை நடத்திச் செல்லும் ஒருங்கிணைப்புச் சேவை முதலில் முன்னேறும் வழியைத் தேடுகிறது. இரண்டாவது கூரியரைக் கேட்கிறது. அவர்கள் அப்பகுதிக்கு 10 கிலோவுக்கு மேற்பட்ட பொதிகளை எடுப்பதில்லை. கட்டுமானத்தோடு இந்தப் பொதி 14 கிலோ. மூன்றாவது கூரியர் இல்லை. முன்னே செல்ல வழியில்லை என்று உறுதியான பின்னரே பின்னோக்கிய பயணம் தொடங்குகிறது.

பின்னோக்கிச் செல்கையில், முதலில் கூரியர்களிடம் கேட்ட பதிவுகள் ரத்து செய்யப்படுகின்றன. மறுத்துவிட்டவர்களிடம் எதற்கு ரத்து என்று தோன்றலாம். மறுப்பு வந்ததாக நாம் எண்ணும் ஒரு கோரிக்கை அங்கே பதிவாகியிருக்கவும் கூடும். இல்லாததை ரத்து செய்வதால் கேடில்லை, இருப்பதை ரத்து செய்யாமல் விட்டால் நாளை வண்டி வந்து நிற்கும். அடுத்து, விற்பனையாகக் குறிக்கப்பட்ட இயந்திரம் மீண்டும் இருப்பில் சேர்க்கப்படுகிறது. பின்னர் 8,640 ரூபாயைத் திருப்பித் தருமாறு பணவசூல் நிறுவனத்துக்குக் கோரிக்கை போகிறது. இறுதியில் ஆர்டர் ‘ரத்து’ என்ற நிலைக்கு மாறி, வாங்கியவருக்குச் செய்தி செல்கிறது. கடிகாரத்தில் அப்போது 10.08.

கிடங்கின் இருப்பு நொடியில் மூன்றாகிவிடும். அது ஒரு பேரேட்டில் ஓர் எண்தான். பணம் அப்படியன்று. 10.06க்கு அவர் கணக்கிலிருந்து சென்ற தொகை கடையின் கைக்கு நேராகப் போகவில்லை. பணவசூல் நிறுவனம் ஒரு வங்கியில் அதற்கெனவே வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கின் வழியே அது கடைக்குச் செல்கிறது. திருப்பித் தரும் கோரிக்கையை அந்நிறுவனம் சரிபார்த்து, தன் வங்கிக்கு அனுப்பி, அவ்வங்கி வாங்கியவரின் வங்கிக்குப் புதிய வரவாக அனுப்ப வேண்டும். சில வேளைகளில் இது சில நிமிடங்களில் முடியும். சில வேளைகளில் சில நாட்கள் ஆகும். நம் எடுத்துக்காட்டில் புதன்கிழமை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பணம் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது’ என்று கடை சொன்னதன் பொருள், கோரிக்கை புறப்பட்டுவிட்டது என்பதே. அச்சொல்லை இன்னும் துல்லியமாக எழுதினால் எங்கள் கிளைகளில் கூட்டம் குறையும் என்பது எங்கள் கருத்து.

திங்களுக்கும் புதனுக்கும் இடையே செவ்வாய் ஒன்று இருக்கிறதே! அன்று அவருடைய வாகனக் கடன் தவணை 6,200 ரூபாய் தானாகப் பிடித்துக்கொள்ளப்பட வேண்டிய நாள். கணக்கில் இருப்பதோ 2,660 ரூபாய். தவணை திரும்புகிறது, அதற்கான கட்டணம் விதிக்கப்படுகிறது, கடன் தந்தவரின் ஏட்டிலும் தவறிய தவணையாகப் பதிகிறது. புதன்கிழமை 8,640 ரூபாய் ஒரு பைசா குறையாமல் வந்து சேர்ந்தும், செவ்வாய் நடந்ததை அது மாற்றாது. கடையின் பார்வையில் ஆர்டர் முற்றாகப் பின்னோக்கி எடுக்கப்பட்டுவிட்டது. வாங்கியவரின் பார்வையில் ஒரு வடு மிச்சம் இருக்கிறது. தவணை நாளுக்கு முந்தைய ஓரிரு நாட்களில் பெருந்தொகைப் பொருள் வாங்குவோர், ஆர்டர் நின்றுபோனாலும் தவணைக்குப் பணம் மிஞ்சுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டுமென நாங்கள் கூறுவது இதனால்தான்.

வடு கடைக்கும் உண்டு. அந்த நான்கு நிமிடங்களில் ஜெய்ப்பூரில் ஒருவர் அதே இயந்திரத்தைத் தேடியிருந்து, கிடங்கில் அது ஒன்றே எஞ்சியிருந்திருந்தால், ‘இருப்பு இல்லை’ என்று கண்டு வேறு கடைக்குப் போயிருப்பார். இருப்பை மீண்டும் கூட்டலாம். போனவரைக் கூட்டிவர முடியாது. படிகள் ஒவ்வொன்றும் உடனுக்குடன் முடிவதால், இடைநிலையை வெளியார் காண்பதைத் தவிர்க்க இயலாது. இம்முறையின் விலை அது.

இதனால்தான் படிகளின் வரிசை முக்கியமாகிறது. திரும்பப் பெற எளிதானவற்றை முன்னும், கடினமானவற்றைப் பின்னும் வைப்பது விதி. பட்டியலைப் பார்ப்பதற்குப் பின்விளைவு எதுவும் இல்லை, அது முதலில். இருப்பை ஒதுக்குவது நேரம் கடந்தால் தானே விடுபடும், அது அடுத்து. பணம் வாங்குவது திரும்பத் தரக்கூடியது, ஆயினும் காலம் எடுக்கும். ஆகவே அதற்குப் பின். பொருளை வண்டியில் ஏற்றி அனுப்புவதே ஏறத்தாழ மீளாத படி. வண்டி புறப்பட்ட பின் ரத்து என்றால், பொதி போய்ச் சேரும் ஊர் வரை சென்று, அங்கிருந்து திரும்பிக் கிடங்குக்கு வர வேண்டும். அத்தொழிலில் இருப்போர் இதை ‘ஆர்டிஓ’ என்பார்கள். வாகனப் பதிவு அலுவலகம் அன்று. புறப்பட்ட இடத்துக்கே திரும்புதல் என்பதன் சுருக்கம். அந்நேரம் விற்பனைப் பட்டியலும் எழுதப்பட்டிருக்குமாதலால், சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி வரவுக் குறிப்பு எனப்படும் கிரெடிட் நோட்டும் எழுத வேண்டிவரும். சட்டமும் இங்கே அழிப்பதைக் கேட்பதில்லை, எதிர்ப்பதிவைத்தான் கேட்கிறது.

திரும்பப் பெற மிக எளிதானது, முழுமையாகச் செய்யாமல் நிறுத்தி வைத்ததே. கிடங்கு ஒதுக்கீட்டைப் போலப் பணத்தையும் ஒதுக்கி மட்டும் வைக்க முடியும். பொதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் இதை அறிவார்கள். 2008ஆம் ஆண்டில் செபி கொண்டுவந்த ‘அஸ்பா’ முறையில், விண்ணப்பத் தொகை கணக்கை விட்டு வெளியேறுவதில்லை. கணக்கிலேயே முடக்கி வைக்கப்படுகிறது. பங்கு கிடைத்தால் பற்று. கிடைக்காவிட்டால் முடக்கம் நீங்கும். திருப்பி அனுப்பும் பயணமே அங்கே இல்லை. அதற்கு முன் பணம் செலுத்திவிட்டு, பங்கு கிடைக்காமல், திரும்பி வரும் காசோலைக்கு அஞ்சல்காரரை எதிர்பார்த்துக் காத்திருந்த காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தங்கும் விடுதிகள் கடன் அட்டையில் ஒரு தொகையை முன்கூட்டி முடக்கி, புறப்படும்போது உரியதை மட்டும் எடுத்துக்கொள்வதும் இவ்வகையே. முடக்கிய தொகையை அந்த நேரத்தில் செலவிட இயலாது என்பது உண்மைதான். ஆனால் விடுவிப்பது ஒரே பேரேட்டில் நடக்கும் செயல்.

பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தரும் முறை, பணப் படியை வண்டிக்கும் பின்னால் தள்ளிவிடுகிறது. வாங்குபவருக்குத் திரும்பப் பெற ஒன்றும் இல்லை. முழுச் சுமையும் கடையின் மேல். கதவைத் திறக்காத வீடுகளிலிருந்து திரும்பும் பொதிகளுக்கு இருவழிக் கூலியும் அதனுடையதே.

இதுவரை பார்த்தது தெளிவான தோல்வி. கூரியர் ‘இயலாது’ என்றார், நாம் பின்வாங்கினோம். இதைவிடத் தொல்லையானது, பதிலே வராத நிலை. பணம் செலுத்தும் படியில் வாங்குபவர் தம் இரகசிய எண்ணை இட்டுவிட்டார். திரை சுழன்றுகொண்டே இருக்கிறது. கடைக்கு ஆம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. கோரிக்கை போகும் வழியில் அறுந்ததா, பணம் எடுக்கப்பட்டு அந்தச் செய்தி திரும்பும் வழியில் அறுந்ததா என்பது கடைக்குத் தெரியாது. தோல்வி என்று கொண்டு பணத்தைத் திருப்பினால், வாராத பணத்தைத் தந்தவராகலாம். வெற்றி என்று கொண்டு பொருளை அனுப்பினால், பொருளை இழக்கலாம். புதிதாக மறுபடியும் கேட்டால், இரண்டு முறை எடுத்ததாகலாம்.

சரியான வழி, அதே ஆர்டர் எண்ணைச் சொல்லி “இது என்னவாயிற்று?” என்று கேட்பது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் மாறாத எண் ஒன்றைத் தருவதன் பயன் இதுதான். அந்த எண்ணோடு எத்தனை முறை கேட்டாலும், பணச்சேவை முதல் முறை மட்டும் செயற்படும். பிற்பாடு, முன்னர் தந்த விடையையே திரும்பச் சொல்லும். பணத்தைத் திருப்பும் கோரிக்கைக்கும் இதே காப்பு தேவை. அது இல்லாத இடத்தில், 8,640 ரூபாய் வர வேண்டியவருக்கு 17,280 ரூபாய் வந்துவிடும். அதை யாரும் கிளைக்கு வந்து புகாராகச் சொல்வதில்லை என்பதை நாங்கள் கவனித்திருக்கிறோம். ஆயினும் கூடுதலாக வந்த தொகை கடைக்குரியதே. கணக்குச் சரிபார்ப்பில் அது வெளிப்படும், திரும்பக் கேட்பார்கள்.

பதில் வருவதற்குள் 15 நிமிட ஒதுக்கீடு முடிந்துவிட்டால் என்ன ஆகும்? கடை ஆர்டரை மூடிவிடும். இயந்திரம் வேறொருவருக்குப் போய்விடும். பின்னர் பணம் வெற்றி என்ற செய்தி தாமதமாக வந்து சேரலாம். ஆர்டர் இல்லை, பணம் இருக்கிறது. அந்நிலையில் தாமதமாக வந்த பணத்தை உடனே திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. வாங்குபவர் ஒருவேளை அதற்குள் பொறுமையிழந்து, மறுபடி ஆர்டர் செய்து மறுபடி பணம் செலுத்தியிருப்பார். இரண்டு பற்றுகள், ஒரு பொருள். திரை சுழலும்போது மீண்டும் செலுத்தாமல், முதலில் கணக்கு இருப்பையும் செயலியில் அந்தப் பரிமாற்றத்தின் நிலையையும் பார்ப்பது நலம். ‘நிலுவையில்’ என்று இருக்கும்வரை அது தோல்வியாகிவிடவில்லை.

இவ்விரு நிலைகளையும் விதிகள் வெவ்வேறாகக் கருதுவதால், வாடிக்கையாளரும் வேறுபடுத்தி அறிய வேண்டும். தொடர்பு அறுந்தது, நேரம் கடந்தது போன்ற, வாடிக்கையாளர் பொறுப்பில்லாத காரணங்களால் முழுமையடையாமல் நின்ற பரிமாற்றத்தை, தோல்வியுற்ற பரிமாற்றம் என்கிறது இந்திய ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20ஆம் நாளிட்ட சுற்றறிக்கை. யுபிஐ வழியே கடைக்குச் செலுத்துகையில் கணக்கில் பற்று விழுந்து, கடைக்கு உறுதிச் செய்தி சேராவிட்டால், பரிமாற்ற நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும். இணையத்தில் அட்டை வழியே செலுத்தும்போதும் அவ்வாறே. தனிநபர் ஒருவருக்கு யுபிஐயில் அனுப்பிய பணம் அவரைச் சேராவிட்டால் காலக்கெடு ஒரு நாள். கெடு கடந்தால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதை வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் தாமாகவே வரவு வைக்க வேண்டும் என்றும் அச்சுற்றறிக்கை கூறுகிறது. நாட்கள் என்பவை நாட்காட்டி நாட்கள், ஞாயிறு விலக்கில்லை.

போபால்காரரின் வழக்கு இதில் அடங்காது. அவருடைய பரிமாற்றம் தோல்வியுறவில்லை. பணம் கடைக்கு முறையாகச் சேர்ந்தது. பின்னர் அனுப்ப இயலாமல் கடை திருப்பித் தருகிறது. ஆகவே அந்த ஐந்து நாள் கெடுவும் 100 ரூபாயும் இங்கே பொருந்தா; கடை தன் விதிமுறைகளில் தந்த வாக்குறுதியே அளவுகோல். இதை அறியாமல் வங்கியில் இழப்பீடு கேட்டு ஏமாற்றம் அடைவோர் பலர். ஆனால் ஒரு காப்பு உண்டு. பணவசூல் நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, வாடிக்கையாளர் தெளிவாக ஒப்புக்கொண்டாலன்றி, பணம் எந்த வழியில் வந்ததோ அதே வழியில்தான் திரும்ப வேண்டும். கடையின் ‘வாலட்’டில் வரவு வைத்துவிட்டோம் என்றால், தாங்கள் எங்கேனும் அதற்கு இசைவு தந்தீர்களா என்று பார்க்க வேண்டும்.

தேடும்போது இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். திரும்பும் தொகை புதிய வரவு. ஆகவே பெரும்பாலும் அதற்கு வேறு குறிப்பு எண் இருக்கும். பற்றின் 12 இலக்க எண்ணை வைத்துக்கொண்டு கணக்கு அறிக்கையில் வரவைத் தேடினால் அகப்படாமல் போகலாம். தொகையையும் நாளையும் கொண்டு தேட வேண்டும். கடை திருப்பிவிட்டதாகச் சொல்லி நாட்கள் கடந்தும் காணாவிட்டால், திருப்பிய பரிமாற்றத்தின் எண்ணைக் கடையிடம் கேளுங்கள். யுபிஐ ஆயின் அது 12 இலக்கம். அட்டை ஆயின் ‘ஏஆர்என்’ எனப்படும் 23 இலக்க எண். அது கையில் இருந்தால் எங்களால் சில நிமிடங்களில் தேடிப் பார்க்க முடியும். அந்த எண்ணைத் தர இயலாத கடை, பெரும்பாலும் இன்னும் அனுப்பவில்லை என்றே பொருள். பணத்தைப் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. “பணம் திரும்ப வர எண்ணை இடுங்கள்” என்று யாரேனும் தொலைபேசியில் சொன்னால், அவர் பணத்தை எடுக்க வந்தவர்.

பின்னோக்கிய படியே தவறினால்? முன்னோக்கிய படி ‘இயலாது’ என்று மறுக்கலாம்; பின்னோக்கிய படிக்கு அந்த உரிமை தரப்படுவதில்லை. ஒருங்கிணைப்புச் சேவை ஒவ்வொரு படியையும் செய்வதற்கு முன்னும் பின்னும் தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறது. நடுவில் அதன் கணினி நின்றுபோனாலும், மீண்டும் எழுந்து குறிப்பேட்டைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பணத்தைத் திருப்பும் கோரிக்கைக்கு விடை வராவிட்டால் ஒரு நிமிடம் கழித்து, பின் ஐந்து நிமிடம் கழித்து, பின் ஒரு மணி கழித்து என்று அதே எண்ணோடு திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஆயினும் இயந்திரத்தால் தீராதவை உண்டு. பணம் செலுத்திய மறுநாள் வாடிக்கையாளர் அந்தக் கணக்கை மூடிவிட்டிருப்பார். அல்லது கணக்கு முடக்கப்பட்டிருக்கும். வரவு எங்கே போகும்? அது திரும்பி வந்து, ஒரு மனிதர் பார்க்க வேண்டிய பட்டியலில் சேரும். கடையின் அலுவலகத்திலோ வங்கியின் சமரசப் பிரிவிலோ ஒருவர் அதைத் திறந்து, வேறு கணக்கு விவரம் கேட்டு எழுத வேண்டும். அட்டை மாற்றப்பட்டால் அச்சம் இல்லை. பழைய அட்டை எண்ணுக்கு வரும் தொகை பொதுவாக அதே கணக்கில் சேர்ந்துவிடும். கணக்கையே மூட எண்ணுவோர், திரும்ப வேண்டிய தொகை ஏதேனும் உள்ளதா என்று பார்த்த பின் மூடுவது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் கீழே, பழைய முறைச் சரிபார்ப்பு ஒன்று தினமும் நடக்கிறது. கடையின் ஆர்டர் பட்டியல், பணவசூல் நிறுவனத்தின் பட்டியல், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து எண்ணுக்கு எண் ஒப்பிடுகிறார்கள். ரத்தான ஆர்டருக்குப் பணம் இருக்கிறதா, பணம் வந்ததற்கு ஆர்டர் இருக்கிறதா, திருப்பியது ஒரு முறைதானா என்பவை அங்கே தெரியும். எந்தக் குறிப்பேடும் சொல்லாத பிழைகள் பல இந்த ஒப்பீட்டில்தான் பிடிபடுகின்றன. வாடிக்கையாளரின் புகாரும் அந்த வரியைத் தேடுவதற்கே உதவுகிறது. ஆர்டர் எண், தொகை, நாள், பற்றின் குறிப்பு எண் ஆகிய நான்கும் புகாரில் இருந்தால் வரி உடனே அகப்படும். தோல்வியுற்ற பரிமாற்றத்தில் கெடு கடந்தும் வங்கியில் தீர்வு கிட்டாமல், எழுத்து வழியே தந்த புகாருக்கு 30 நாட்களுக்குள் நிறைவான பதிலும் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது அந்த எண்களும், தாங்கள் முதற்புகார் தந்த நாளும்தான்.